கட்டம் சரி, விகிதம் தவறு

தூய நெட்டைப் பட்டாணிச் செடியைக் குட்டைச் செடியோடு கலந்து, அந்தக் கலப்பில் வந்த செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் இரண்டாம் தலைமுறையில் நெட்டைக்கும் குட்டைக்கும் உள்ள விகிதம் என்ன? மரபியல் பாடத்தில் இதைவிடப் பழகிய கணக்கு கிடையாது. ஆனாலும் இதில் ஒரு குறிப்பிட்ட தவறு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. விடைத்தாளில் பெற்றோரின் குறியீடுகள் சரியாக இருக்கும். கேமீட்டுகள் சரியாகப் பிரிந்திருக்கும். புன்னட் கட்டத்தின் நான்கு அறைகளிலும் ஒரு பிழைகூட இருக்காது. அதன் கீழே விடையாக 1:2:1 என்று எழுதியிருக்கும். கேள்வி கேட்டது நெட்டை, குட்டை என்ற இரண்டு வகைகளை. விடையிலோ மூன்று எண்கள் நிற்கின்றன.

1:2:1 பொய்யான எண் அல்ல. அது ஜீனாக்க விகிதம். அதாவது, செடிக்குள் எந்த அல்லீல்கள் சேர்ந்திருக்கின்றன என்பதன் கணக்கு. கேட்கப்பட்டதோ புறத்தோற்ற விகிதம். அதாவது, தோட்டத்தில் நின்று பார்த்தால் எத்தனை செடி எப்படித் தெரியும் என்பதன் கணக்கு. அதன் விடை 3:1. ஒரே கட்டத்திலிருந்துதான் இரண்டு விகிதங்களும் கிடைக்கின்றன. கட்டத்தை வரைந்து முடித்தவர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார் என்பதில்தான் தவறு இருக்கிறது.

கட்டம் இது:

```
        T     t
T      TT    Tt
t      Tt    tt
```

மேல் வரிசையும் இடப்பக்க வரிசையும் பெற்றோர் தரும் கேமீட்டுகள். உள்ளே இருக்கும் நான்கும் அவை சேர்ந்தால் உண்டாகும் ஜீனாக்கங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் வேலை செய்த ரெஜினால்ட் புன்னட் இந்த அமைப்பைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இந்தக் கட்டத்துக்குள் செடி எதுவும் இல்லை, எழுத்துகள் மட்டுமே உள்ளன. T, t-யை மறைத்துவிடும் என்ற செய்தி கட்டத்தின் எந்த மூலையிலும் எழுதப்படவில்லை. அது வெளியிலிருந்து, கேள்வியின் வாசகத்திலிருந்தோ சோதனையின் முடிவிலிருந்தோ வரவேண்டிய செய்தி. அறைகளை எண்ணினால் தானாகவே 1:2:1 வந்துவிடுகிறது. 3:1 வர, அறைகளின் மேல் ஓங்குத்தன்மை விதியை ஒருமுறை போட்டுப் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர் எழுதும் விடைதான் மேலே சொன்னது. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. உண்மையில், கட்டம் தன் பக்கம் தரக்கூடிய எல்லாவற்றையும் அந்த மாணவர் ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். கட்டம் தராத ஒன்றைத்தான் சேர்க்காமல் விட்டிருக்கிறார்.

எண்களுக்குப் பக்கத்தில் பெயர்களை எழுதினால் தவறு உடனே வெளிச்சத்துக்கு வருகிறது. உயரம் கேட்கப்பட்ட கணக்கில் 1:2:1 என்பதை விரித்து எழுதிப் பார்க்கலாம்: நெட்டை 1, நெட்டை 2, குட்டை 1. ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிட்டது. விகிதத்தில் ஒரு வகைக்கு ஓர் இடம்தான் உண்டு. பெயர் திரும்ப வந்தால் அந்த எண்களைக் கூட்ட வேண்டும். கூட்டினால் நெட்டை 3, குட்டை 1. பெயர் போடாத வெறும் 1:2:1 என்ற வரியில் இந்தச் சிக்கல் கண்ணில் படாது. அதனால்தான் எண்களை மட்டும் எழுதும் பழக்கம் உள்ளவர்களிடம் இந்தத் தவறு அதிகம்.

சிலர் இதை வேறு விதமாகச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். மூன்று எண்கள் வந்துவிட்டதால் மூன்று உயரங்கள் இருக்க வேண்டும் என்று எண்ணி, நடுவில் உள்ள Tt-க்கு 'நடுத்தர உயரம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பட்டாணியில் அப்படி ஒரு செடி இல்லை. புரூன் நகர மடத்தின் தோட்டத்தில் கிரிகோர் மெண்டல் கலந்த நெட்டைச் செடிகள் 6 முதல் 7 அடி உயரமானவை. குட்டைச் செடிகள் முக்கால் அடியிலிருந்து ஒன்றரை அடிக்குள் நின்றவை. இவற்றின் கலப்பில் வந்த செடிகள் நடுவில் எங்கோ மூன்றடி, நாலடியில் நிற்கவில்லை. நெட்டைப் பெற்றோர் அளவுக்கும், சில வேளை அதைவிடச் சற்று உயரமாகவும் வளர்ந்தன என்று 1866-ல் வெளிவந்த தன் கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் கலப்பினச் செடிகளின் அடுத்த தலைமுறையில் மெண்டல் 1064 செடிகளை எண்ணினார். 787 நெட்டை, 277 குட்டை. வகுத்துப் பார்த்தால் ஒரு குட்டைக்கு 2.84 நெட்டை. இந்த எண்ணிக்கையையே கணக்காக மாற்றி, '1064 செடிகளில் எத்தனை நெட்டையாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்?' என்று கேட்டால் தவறு இன்னொரு முகத்தைக் காட்டும். 1:2:1 என்று எழுதியவர் 1064-ஐ நான்கால் வகுத்து, TT 266, Tt 532, tt 266 என்று பிரிப்பார். இதுவரை எல்லாம் சரி. பிறகு, TT-தான் நெட்டை என்று மனத்தில் பதிந்திருந்தால் விடை 266 என்று எழுதுவார். சரியான விடை 266-உம் 532-உம் சேர்ந்த 798. மெண்டல் கண்ட 787-ஐ இதன் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு வெறும் 11. அவ்வளவு செடிகளில் இது இயல்பான ஏற்ற இறக்கம். 266-ஐப் பக்கத்தில் வைத்தாலோ 521 செடிகள் இடிக்கும். உண்மையான எண்ணிக்கை கையில் இருக்கும் கணக்கில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ள முடியாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். தோட்டத்தில் தெரிவது 3:1 மட்டும்தான் என்றால், உள்ளே 1:2:1 இருக்கிறது என்று மெண்டலுக்கு எப்படித் தெரிந்தது? நெட்டைச் செடிகளைப் பார்த்து இது TT, அது Tt என்று அவரால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. அவர் செய்தது, இரண்டாம் தலைமுறை நெட்டைகளில் 100 செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் விதையிலிருந்தும் பத்துச் செடிகளை வளர்த்தது. தாய்ச்செடி TT என்றால் பத்தும் நெட்டையாகத்தான் வரும். Tt என்றால் நெட்டையும் குட்டையும் கலந்து வரும். 28 செடிகளின் பிள்ளைகள் எல்லாம் நெட்டை. 72 செடிகளின் பிள்ளைகள் இரண்டு வகையும் கலந்தவை. மூன்று பங்கு நெட்டையில் ஏறக்குறைய ஒரு பங்கு தூயது, இரண்டு பங்கு கலப்பினம் என்று இதிலிருந்து கிடைத்தது. 3:1-இன் மூன்று, ஒன்றும் இரண்டுமாக உடைந்தது. ஜீனாக்க விகிதம் என்பது அடுத்த தலைமுறையையும் வளர்த்துப் பார்த்த பிறகு ஊகித்து அறியப்பட்ட ஒன்று. இன்று கட்டம் போடுகிறவருக்கு அது ஒரு நிமிடத்தில் முதலில் கிடைத்துவிடுகிறது, புறத்தோற்றம் பிறகுதான் வருகிறது. வரலாற்றில் வரிசை நேர் எதிர்.

அந்த ஊகத்தில் ஒரு சிறு ஓட்டையும் இருந்தது. Tt செடியின் பத்துப் பிள்ளைகளில் ஒன்றுகூடக் குட்டையாக வராமல் போகலாம். ஒவ்வொரு பிள்ளையும் நெட்டையாக இருக்கும் வாய்ப்பு முக்கால். பத்தும் நெட்டையாக இருக்கும் வாய்ப்பு, முக்காலைப் பத்து முறை பெருக்கினால் வருவது, சுமார் 5.6 விழுக்காடு. அப்படிப்பட்ட கலப்பினச் செடி தூயது என்று தவறாகப் பதிவாகிவிடும். நூறு செடிகளில் ஏறத்தாழ நான்கு இப்படி மாறிவிடும் என்பதால் எதிர்பார்க்க வேண்டியது 33-க்கு 67 அல்ல, ஏறத்தாழ 37-க்கு 63. செடிகளில் தெரியும் பண்புகளுக்கு இதே முறையில் மெண்டல் சோதித்த 600 செடிகளில் அவருக்குக் கிடைத்தது 201-க்கு 399. 1936-ல் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் இந்த எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டி, அது கிடைத்திருக்க வேண்டியதைவிடச் சரியான 1:2-க்கு மிக நெருக்கமாக இருக்கிறது என்று கேள்வி எழுப்பினார். அதைப் பற்றிய வாதம் நெடுங்காலம் நடந்தது. இங்கே தேவையானது ஒன்றுதான்: புறத்தோற்றத்தை எண்ணுவது நேரடியான வேலை, ஜீனாக்கத்தை எண்ணுவது பல செடிகளின் சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது.

இந்த வேறுபாட்டைத் தெளிவான இரண்டு பெயர்களில் பிரித்து வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த வில்லெம் யோஹான்சன். ஜீன், ஜீனாக்கம், புறத்தோற்றம் ஆகிய மூன்று கருத்துகளுக்கும் 1909-ல் அவர் பெயரிட்டார். அவர் ஆராய்ந்தது பீன்ஸ் விதைகளை. தலைமுறை தலைமுறையாகத் தன்மகரந்தச் சேர்க்கையில் வந்த ஒரே தூய வழியில்கூட விதைகள் சிறிதும் பெரிதுமாக இருந்தன. ஆனால் சிறியதை விதைத்தாலும் பெரியதை விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி ஒன்றாகவே இருந்தது. உள்ளிருப்பும் வெளித்தெரிவதும் தனித்தனிக் கணக்குகள் என்பது அங்கே உறுதியானது.

இரு பண்புக் கலப்புக்கு வந்தால் இந்தத் தவறு பெரிதாகத் தெரிகிறது. உருண்டையான மஞ்சள் விதையும் சுருங்கிய பச்சை விதையும் உள்ள செடிகளைக் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் உருண்டை மஞ்சள், ஜீனாக்கம் RrYy. அவற்றின் அடுத்த தலைமுறைக்குப் பதினாறு அறைக் கட்டம் போட வேண்டும். பதினாறையும் பொறுமையாக நிரப்பிய மாணவர், ஒரே மாதிரி அறைகளைச் சேர்த்து எண்ணி 1:2:1:2:4:2:1:2:1 என்று ஒன்பது எண்களை எழுதிவிடுகிறார். கடினமான வேலையை முழுவதும் செய்து முடித்துவிட்டு, எளிய வேலையை விட்டுவிடுவதுதான் இதில் வருத்தமான பகுதி.

ஒன்பதையும் நான்காக மடக்குவது இப்படி. குறைந்தது ஒரு R, குறைந்தது ஒரு Y இருந்தால் விதை உருண்டை மஞ்சள். அந்தப் பிரிவில் RRYY ஒன்று, RRYy இரண்டு, RrYY இரண்டு, RrYy நான்கு, கூட்டினால் ஒன்பது. R இருந்து Y இல்லாதவை RRyy ஒன்று, Rryy இரண்டு. இவை மூன்றும் உருண்டை பச்சை. Y இருந்து R இல்லாதவை rrYY ஒன்று, rrYy இரண்டு. இவை மூன்றும் சுருங்கிய மஞ்சள். கடைசியாக rryy ஒன்று, சுருங்கிய பச்சை. 9:3:3:1 வந்துவிட்டது. பெயர் எழுதும் சோதனையை இங்கே செய்தால் 'உருண்டை மஞ்சள்' என்ற பெயர் நான்கு முறை திரும்ப வந்திருக்கும்.

மெண்டலின் தோட்டத்தில் இந்தக் கலப்பிலிருந்து 556 விதைகள் கிடைத்தன: உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டை பச்சை 108, சுருங்கிய பச்சை 32. பதினாறில் ஒன்பது பங்கு என்றால் சுமார் 313 வர வேண்டும், 315 வந்தது. RRYY மட்டும்தான் உருண்டை மஞ்சள் என்று நினைத்தவருக்குப் பதினாறில் ஒரு பங்கு, சுமார் 35 என்று விடை வரும். இதற்கு அடுத்த ஆண்டு அவர் செய்தது இன்னும் அழகான சோதனை. அந்த 315 உருண்டை மஞ்சள் விதைகளையும் விதைத்தார். 301 செடிகள் காய்த்தன. 38 செடிகளில் விதை எல்லாம் உருண்டை மஞ்சள். 65 செடிகளில் உருண்டை மஞ்சளும் உருண்டை பச்சையும். 60 செடிகளில் உருண்டை மஞ்சளும் சுருங்கிய மஞ்சளும். 138 செடிகளில் நான்கு வகையும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்த விதைகளுக்குள் நான்கு ஜீனாக்கங்கள் 1:2:2:4 என்ற கணக்கில் இருந்திருக்கின்றன. 301-ஐ அப்படிப் பங்கிட்டால் 33, 67, 67, 134 என்று வரும். மாணவரின் கட்டத்தில் உள்ள 1, 2, 2, 4 என்ற எண்கள் தோட்டத்தில் உண்மையாகவே இருக்கின்றன. விதையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது மட்டும் அவை தெரிவதில்லை.

இவ்வளவு வெளிப்படையான தவறு பள்ளிப் பயிற்சியில் ஏன் நீடிக்கிறது என்பதற்குக் காரணம், பல கணக்குகளில் இரண்டு விகிதங்களும் ஒன்றாகவே இருப்பது. சோதனைக் கலப்பை எடுத்துக்கொள்ளலாம். Tt-யைக் குட்டைச் செடியான tt-யோடு கலந்தால் பாதி Tt, பாதி tt. ஜீனாக்கம் 1:1, உயரமும் 1:1. எதை எண்ணினாலும் முழு மதிப்பெண் கிடைக்கும். அந்திமந்தாரையில் சிவப்பு மலரையும் வெள்ளை மலரையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு. அதற்கு அடுத்ததில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1. இங்கே ஓங்குத்தன்மை முழுமையடையாததால் ஒவ்வொரு ஜீனாக்கத்துக்கும் தனி நிறம் உண்டு. பெயர்களை எழுதினாலும் எதுவும் திரும்ப வராது. இந்தக் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகியவர், அறைகளை எண்ணுவதே விடை என்று முடிவு செய்துவிடுவதில் வியப்பில்லை.

முதல் தலைமுறைச் செடியை நெட்டைப் பெற்றோரோடு திரும்பக் கலக்கும் கணக்கைக் கொடுத்தால் ஆளின் புரிதல் தெரிந்துவிடும். Tt-யும் TT-யும் சேர்ந்தால் பாதி TT, பாதி Tt. ஜீனாக்கம் 1:1. சோதனைக் கலப்பின் நினைவில் '1:1, பாதி நெட்டை, பாதி குட்டை' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு குட்டைகூட இங்கே பிறக்காது. எல்லாச் செடிகளும் நெட்டை. சின்னக் கணக்கு என்றாலும், பதினாறு அறைக் கட்டத்தைவிட இது நல்ல சோதனை.

இரத்த வகைக் கணக்கு இதைவிட நுட்பமானது, ஏனென்றால் அங்கே ஒரே கட்டத்துக்குள் இரண்டு விதிகள் வேலை செய்கின்றன. A அல்லீலும் B அல்லீலும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. இரண்டும் இருந்தால் AB வகை. ஆனால் இரண்டுமே i-யை மறைத்துவிடும். தாய் AB வகை; தந்தை A வகை, அவருடைய தாய் O வகை. O வகைத் தாயிடமிருந்து ஓர் i கட்டாயம் வந்திருக்கும் என்பதால் தந்தையின் ஜீனாக்கம் Iᴬi. தாயின் கேமீட்டுகள் Iᴬ, Iᴮ. தந்தையுடையவை Iᴬ, i. நான்கு அறைகளில் வருபவை IᴬIᴬ, Iᴬi, IᴬIᴮ, Iᴮi. நான்கும் வேறு வேறு. ஜீனாக்க விகிதம் 1:1:1:1. இதையே இரத்த வகை விகிதமாக எழுதிவிடும் ஆசை இங்கே வலுவானது. நான்கு இரத்த வகைகள் இருக்கின்றன, நான்கு அறைகளும் வேறு வேறாக இருக்கின்றன, பொருந்திவிட்டது போலத் தோன்றும். பெயரெழுதினால் A, A, AB, B என்று வரும். A இருமுறை வந்துவிட்டது. விடை A 2, AB 1, B 1. O வகைக் குழந்தை இந்தப் பெற்றோருக்குப் பிறக்காது.

கேள்வியின் பக்கமும் குறை இருப்பதுண்டு. 'சந்ததிகளின் விகிதம் யாது?' என்று மட்டும் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட கேள்விக்கு மாணவரின் 1:2:1-ஐத் தவறென்று அடிப்பது நியாயமாகாது. கேள்வியைத்தான் திருத்த வேண்டும். எழுதுகிறவர் இரண்டு விகிதங்களையும் பெயரோடு எழுதிவிடுவது பாதுகாப்பு. தோற்றம், நிறம், உயரம், இரத்த வகை, நோய் உள்ளவர் போன்ற சொற்கள் இருந்தால் கேட்பது புறத்தோற்றம். தூய கால்வழி, கலப்பினம், கடத்தி போன்ற சொற்கள் இருந்தால் கேட்பது ஜீனாக்கம். 'எத்தனை செடிகள் தூய நெட்டை?' என்பதில் நெட்டை என்ற சொல் இருப்பதால் முக்கால் பங்கு என்று எழுதுவது எதிர்ப்பக்கத் தவறு. தூய நெட்டை கால் பங்குதான்.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால், புறத்தோற்றம் எது என்பதே எதைக் கொண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று தெரியவரும். மெண்டலின் உருண்டை விதையை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கையில் வைத்துப் பார்த்தால் RR-உம் Rr-உம் ஒன்றே, விகிதம் 3:1. 1908-ல் ஆர்தர் டார்பிஷயர் விதைக்குள் இருக்கும் மாவுத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தார். தூய உருண்டை விதையிலும் சுருங்கிய விதையிலும் துகளின் வடிவம் வேறு வேறு; கலப்பின விதையின் துகள்கள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. மாவுத் துகளைப் புறத்தோற்றமாக எடுத்தால் விகிதம் 1:2:1. மாவுச்சத்தின் சங்கிலிகளைக் கிளைக்க வைக்கும் ஒரு நொதியின் ஜீன் சுருங்கிய வகையில் சிதைந்திருப்பது 1990-ல் கண்டறியப்பட்டது. மாவு குறைந்து சர்க்கரை மிகுவதால் வளரும் விதை அதிக நீரை உறிஞ்சிப் பெருக்கிறது. காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. நல்ல ஜீனின் ஒரு பிரதி இருந்தாலே விதை உருண்டையாக இருக்கப் போதுமானது. ஆனால் துகளின் வடிவத்தில் இரண்டு பிரதிகளின் வேலைக்கும் ஒரு பிரதியின் வேலைக்கும் வேறுபாடு தெரிகிறது.

மனிதரில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு அரிவாள் செல் நோய். இந்தியாவில் இதன் ஹீமோகுளோபின் முதன்முதலில் 1952-ல் நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் அறியப்பட்டது. தாயும் தந்தையும் கடத்திகளாக, அதாவது AS ஆக இருந்தால் கட்டத்தில் AA ஒன்று, AS இரண்டு, SS ஒன்று. நோய் வந்தவர், வராதவர் என்று பார்த்தால் AS உள்ளவர்கள் பொதுவாக நோயின்றி வாழ்வதால் விகிதம் 3:1. இரத்தத்தை ஆய்வகத்தில் மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தால் AA-க்கு ஒரு பட்டை, SS-க்கு வேறிடத்தில் ஒரு பட்டை, AS-க்கு இரண்டு பட்டைகளும் தெரியும். அங்கே விகிதம் 1:2:1. பரிசோதனைக்கூட அறிக்கையைப் பற்றிய கேள்வியா, நோயைப் பற்றிய கேள்வியா என்று பார்க்காமல் இரண்டில் எதையும் எழுத முடியாது.

அதே குடும்பத்தில் இரண்டு விகிதங்களையும் ஒருசேரக் கேட்கும் கேள்வியும் வரும். அண்ணனுக்கு அரிவாள் செல் நோய் இருக்கிறது. தங்கைக்கு நோய் இல்லை, இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. பெற்றோர் இருவரும் நோயில்லாத கடத்திகள். தங்கை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு என்ன? கட்டத்தைப் பார்த்து நான்கில் இரண்டு, அதாவது பாதி என்று சொல்லிவிடுகிறவர்கள் மிகப் பலர். அது எந்தச் செய்தியும் தெரியாத, இன்னும் பிறக்காத குழந்தைக்கான ஜீனாக்கக் கணக்கு. தங்கையின் புறத்தோற்றம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அவளுக்கு நோய் இல்லை. SS அறையை அடித்துவிட வேண்டும். மீதி மூன்று அறைகளில் AA ஒன்று, AS இரண்டு. வாய்ப்பு மூன்றில் இரண்டு. மெண்டலின் நெட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கு கலப்பினமாக இருந்த அதே கணக்குதான் இது.

அவள் கடத்தி என்று உறுதியான ஒருவரை மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் பெருக்கினால் வரும் ஆறில் ஒன்று. பாதி என்று தொடங்கியவருக்கு இங்கே எட்டில் ஒன்று என்று வந்து, ஆபத்து உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அவள் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இந்த மூன்றில் இரண்டும் தேவைப்படாது. ஒரே பட்டை தெரிந்தால் அவள் AA, குழந்தைக்கு நோய் வராது. இரண்டு பட்டைகள் தெரிந்தால் அவள் AS, வாய்ப்பு நான்கில் ஒன்று.